12 ஊரில் வெள்ளோட்டம்: எந்த ஊரை எடுப்பது, எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் 48 ஊர்களில் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. 3 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர வாசிப்பு மையம் தொடங்க நினைக்கிறோம். இந்த ஆண்டு 12 மையங்களுக்குத்தான் நிதி இருக்கிறது. ஆர்வமுள்ள தலைமை ஆசிரியர்கள் இருக்கும் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தால் போதாதா? ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். மையம் கொடுக்காமல் பிள்ளைகளைச் சோதிக்க மட்டும் செய்வது அநியாயம் இல்லையா?

பதில்:

வற்புறுத்துகிறவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் திட்டத்தைப் போன்ற ஒன்றே தமிழ்நாட்டில் நடந்து, கவனமாக அளக்கப்பட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. அதன் பிறகு, 2021-இன் இறுதியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் 2019-இல் எப்படி இருந்தார்கள் என்ற பதிவு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் அந்த நிலையிலிருந்து வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டிருந்தார்கள்.

நீங்கள் சொல்லும் முறையில் அங்கே அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மையத்துக்கு வந்த பிள்ளைகளைத் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை சோதித்து, இடையில் வந்த முன்னேற்றம் முழுவதையும் மையத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தில் பள்ளியும் பெரும்பாலும் திறந்திருந்தது. ஆசிரியர் பாடம் நடத்தினார், பிள்ளையின் வயதும் ஆறு மாதம் கூடியது. இவற்றையெல்லாம் பிரித்துப் பார்த்தபோது, அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடுதான் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய அளவில் நடந்த ஒரு திட்டத்துக்கு அது நல்ல பலன். முன்னும் பின்னும் பார்க்கும் கணக்கோ அதைப் போல நான்கு மடங்கைக் காட்டியிருக்கும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கினால், அதே பணத்தில் இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய வேறொன்று கைநழுவிப் போகும்.

ஆகவே, உங்கள் 12 ஊர்ப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதோடு கேள்வி முடியாது. மையம் இல்லாமலே இருந்திருந்தால் அவர்கள் எவ்வளவு முன்னேறியிருப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். அது நேரில் பார்க்க முடியாத ஒன்று. அதற்குப் பதிலாக நிற்கத்தான் ஒப்பீட்டு ஊர்கள்.

ஆர்வமுள்ள ஊர்கள் வேண்டாம்

ஆர்வமுள்ள தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் மையம் இல்லாமலும் வேகமாகத்தான் முன்னேறுவார்கள். காலை 8.45-க்கே பள்ளியைத் திறந்து வைத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லும் ஆசிரியரின் ஊரையும், இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் எப்போதும் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விடும் ஊரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், மையத்தின் பலனும் ஆசிரியரின் பலனும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். எந்தப் புள்ளியியல் வல்லுநராலும் பிறகு அதை முழுமையாகப் பிரித்துத் தர முடியாது.

மிகவும் பின்தங்கிய ஊர்களைத் தேர்ந்தெடுத்தாலும் இதே சிக்கல்தான், திசை மட்டும் மாறும். ஒரு சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஊரில் அன்றைக்குக் காய்ச்சல் பரவியிருக்கலாம், ஊர்த் திருவிழாவின் மறுநாளாக இருந்திருக்கலாம். அடுத்த சோதனையில் அந்த ஊர் தானாகவே சற்று மேலே வரும். அது மையத்தின் வெற்றி போலத் தெரியும்.

சரியான வழி குலுக்கல்தான். பெரிய பெரிய ஆய்வு நிறுவனங்கள் கணினியில் செய்வதை நீங்கள் ஒன்றிய அலுவலகக் கூட்டரங்கில், எல்லாத் தலைமை ஆசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் பார்க்க, சீட்டெழுதிப் போட்டே செய்துவிடலாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். யாருடைய விருப்பும் அந்தத் தேர்வுக்குள் நுழையக்கூடாது என்பதுதான் அங்கேயும் காரணம்.

48 சீட்டையும் ஒரே குடத்தில் போட வேண்டாம். தற்செயலாகப் பெரிய ஊர்கள் எல்லாம் ஒரு பக்கம் விழுந்துவிடலாம். முதலில் ஊர்களை நான்கு நான்காக 12 தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு தொகுதியில் இருக்கும் நான்கு ஊரும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளை ஒன்றாக வையுங்கள், பேருந்துச் சாலையை ஒட்டிய ஊர்களை ஒன்றாக வையுங்கள், முதல் சோதனையில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தவற்றை ஒன்றாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். அந்த ஊருக்கு மையம். மீதி மூன்றில் இன்னும் இரண்டைச் சீட்டெடுத்து ஒப்பீட்டு ஊர்களாக வையுங்கள். ஆக, 12 மைய ஊர்கள், 24 ஒப்பீட்டு ஊர்கள். மிஞ்சும் 12 ஊர்களில் முதல் சோதனையோடு சரி, இறுதிச் சோதனை தேவையில்லை.

இதில் வரிசை முக்கியம். முதல் சோதனை முடிந்த பிறகுதான் குலுக்கல். மையம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், சோதிப்பவரும் ஆசிரியரும் தம்மை அறியாமலே மாறுவார்கள். மையம் வரும் ஊரில் பிள்ளைகளைக் கொஞ்சம் குறைவாக மதிப்பிட்டால் பிறகு முன்னேற்றம் அதிகமாகத் தெரியும் என்பது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. ஜூனில் பள்ளி திறந்து சேர்க்கை நிலைபெற்ற பின், ஜூலையில் முதல் சோதனை. மாதக் கடைசியில் குலுக்கல். ஆகஸ்டில் மையம் தொடக்கம். பிப்ரவரியில் இறுதிச் சோதனை. எல்லா ஊரிலும் அந்த இறுதிச் சோதனை இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

எத்தனை பிள்ளைகள்?

இங்கேதான் பெரும்பாலான உள்ளூர் வெள்ளோட்டங்கள் சறுக்குகின்றன. “12 ஊர், ஊருக்கு 40 பிள்ளைகள், மொத்தம் 480 பேரைச் சோதித்தோம்” என்று அறிக்கை எழுதும்போது 480 பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பள்ளி, ஒரே வகையான வீட்டுச் சூழல். ஒரு ஊரில் 15 பிள்ளைகளைச் சோதித்த பிறகு, பதினாறாவது பிள்ளை புதிதாகச் சொல்வது மிகக் குறைவு.

இதை எண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளுக்கிடையே உள்ள மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் வேறுபாடு 15 விழுக்காடு, அதாவது 0.15 என்று கொள்வோம். கற்றல் சோதனைகளில் இது நம்பக்கூடிய அளவுதான். ஊருக்கு 20 பேர் என்றால் 19-ஐ 0.15-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள், 3.85 வரும். 12 ஊரின் 240 பிள்ளைகளை 3.85-ஆல் வகுத்தால் 62. அதாவது, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத 62 பிள்ளைகளைச் சோதித்தால் என்ன தெரியுமோ அதுதான் இந்த 240 பேரிடமிருந்தும் தெரியும். ஊருக்கு 40 ஆக்கினால்? உழைப்பு இரட்டிப்பாகும், 62 என்பது 70 ஆகும், அவ்வளவுதான். 15 ஆகக் குறைத்தால் 58. ஆனால் 20 பிள்ளைகளையே வைத்துக்கொண்டு ஊர்களை 24 ஆக்கினால் 125. அதனால்தான் ஊருக்கு 15 பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும் கூடுதல் ஒப்பீட்டு ஊர்களுக்குச் செலவிடச் சொல்கிறேன். இறுதிச் சோதனைக்கு 36 ஊர், ஊருக்கு 15, மொத்தம் 540 பிள்ளைகள். நான்கு பேர் கொண்ட ஒரு குழு நாளொன்றுக்கு இரண்டு பள்ளி வீதம் போனால் நாலு வாரத்துக்குள் முடிக்கலாம். இரண்டு குழுக்கள் இருந்தால் இரண்டு வாரம் போதும்.

இதன் எல்லையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 12 மையங்களை வைத்துக்கொண்டு, வாசிக்க முடிந்த பிள்ளைகளின் விழுக்காட்டில் 4, 5 புள்ளி வேறுபாட்டை உங்களால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. முதல் சோதனையின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்து, தொகுதி பிரித்ததன் பலனையும் எடுத்துக்கொண்டால்கூட, ஏறத்தாழ 15 புள்ளி அளவுக்கு வேறுபாடு இருந்தால்தான் அது நிச்சயமாகத் தென்படும். சிறிய பலனைத் தேடுகிறீர்கள் என்றால், பக்கத்து ஒன்றியத்தையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே பேசுங்கள்.

யாரைச் சோதிப்பது, எதைக் கொண்டு?

மையத்துக்கு வருகிற பிள்ளைகளை மட்டும் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் பள்ளி வருகைப் பதிவேட்டை எடுத்து, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பெயர்களில், 30 பேர் இருந்தால் ஒன்று விட்டு ஒன்று, 15 பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 15 பேரைத்தான் ஜூலையிலும் சோதிக்க வேண்டும், பிப்ரவரியிலும் சோதிக்க வேண்டும். அவர்களில் யார் மையத்துக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பது இந்தக் கட்டத்தில் பொருட்டே இல்லை. மாலையில் தவறாமல் மையத்துக்கு வரும் பிள்ளை என்றால், பெரும்பாலும் அம்மா கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போகும் பிள்ளை. ஆடு ஓட்டிப் போகிற பிள்ளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் அக்காவும் வருவதில்லை. வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டால், அம்மாவின் அக்கறையைத்தான் அளக்கிறீர்கள்.

சோதனைக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பல ஆண்டுகளாகப் பயன்படும் வாசிப்புச் சோதனை போதும். ஒரு தாளில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், 1-ஆம் வகுப்பு அளவில் நாலு வரி, 2-ஆம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை இருக்கும். பிள்ளையைத் தனியே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, எந்தப் படி வரை தடையில்லாமல் வாசிக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஆனால் அந்தத் தாளில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்த ஒரு மதிப்பீட்டில், 3-ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கதையைக் கணீரென்று வாசித்தாள். சோதித்தவர் ‘வாசிக்கிறாள்’ என்று குறித்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது: அவள் கண் தாளில் இல்லை, சன்னலில் இருந்தது. தாளை மெல்லத் திருப்பி, கடைசி வரியின் நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்னம்மா?” என்றேன். அவள் விரல் முதல் வரிக்குப் போய், ஒவ்வொரு சொல்லாக முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து அந்தச் சொல்லில் நின்றது. கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். முதல் சோதனையின்போது ஒரு தாள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டது, மையத் தன்னார்வலர் அதையே பாடமாக வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அந்த ஒரு தாளால் மூன்று ஊர்களின் கணக்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதல் சோதனைக்கும் இறுதிச் சோதனைக்கும் வெவ்வேறு கதைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு மாதிரித் தாள்கள் இருக்கட்டும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சோதிப்பவர்கள் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். அருகிலுள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். எந்த ஊரில் மையம் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டாம். தன்னார்வலரோ வகுப்பாசிரியரோ அந்த அறையில் இருக்கக் கூடாது.

நடுவில் என்ன கெடும்?

ஆறு மாதத்தில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, மையம் உண்மையிலேயே நடக்கிறதா என்பது. தன்னார்வலர் எழுதும் பதிவேட்டில் வாரம் ஐந்து நாளும் 25 பிள்ளைகள் இருப்பார்கள். மாதம் இரண்டு முறை, நாள் சொல்லாமல், மாலை 5.30-க்குப் போய்ப் பாருங்கள். கதவு திறந்திருந்ததா, எத்தனை தலை, எந்தப் புத்தகம் கையில் இருந்தது, இந்த மூன்றை மட்டும் குறித்தால் போதும். முடிவில் பலன் இல்லை என்று வந்தால், யோசனை தவறா, மையமே பாதி நாள் பூட்டியிருந்ததா என்று சொல்லக்கூடியது இந்தக் குறிப்பு ஒன்றுதான். இது இல்லாமல் ‘பலன் இல்லை’ என்ற முடிவை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது, ஒப்பீட்டு ஊர்கள் கலங்கிப்போவது. ஒரு கிலோமீட்டர் தள்ளி மையம் இருந்தால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். விரட்டாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். தொகுதி பிரிக்கும்போதே மிக அருகில் உள்ள இரண்டு ஊர்களை ஒரே அலகாகச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. அப்போது அலகுகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும், அவ்வளவுதான். மையம் கிடைக்காத தலைமை ஆசிரியர் ரோஷத்தோடு தானே சிறப்பு வகுப்பு தொடங்குவதும் உண்டு. அது பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அதைக் கேட்டறிந்து எழுதிவைக்காவிட்டால், உங்கள் மையம் பலவீனமாகத் தெரியும்.

மூன்றாவது, காணாமல் போகும் பிள்ளைகள். பல மாவட்டங்களில் பொங்கலை ஒட்டிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பிள்ளைகளோடு போய்விடுகின்றன. பிப்ரவரியில் சோதிக்கப் போகும்போது 15 பேரில் மூன்று பேர் இருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்தால் பெரிய ஆபத்தில்லை. மைய ஊர்களில் ஒருவரும் ஒப்பீட்டு ஊர்களில் நால்வரும் குறைந்தால்தான் சிக்கல். வேறு பிள்ளையை அந்த இடத்தில் உட்காரவைத்துச் சோதிக்கவே கூடாது. யார் இல்லை, அவர்கள் ஜூலையில் எந்தப் படியில் இருந்தார்கள் என்று இரு பக்கத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள். முடிந்தால் சோதனை நாளன்று வராதவர்களுக்காக இன்னொரு நாள் போங்கள். இரண்டாம் முறை போகும்போது கிடைப்பவர்கள் பெரும்பாலும் வாசிப்பில் பின்தங்கியவர்களே. அவர்களை விட்டுவிட்டால் இரு பக்கமும் உண்மையைவிட அழகாகத் தெரியும்.

கணக்கை எப்படிப் படிப்பது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2-ஆம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் ஜூலையில் மைய ஊர்களில் 28 விழுக்காடு, ஒப்பீட்டு ஊர்களில் 27. குலுக்கல் ஒழுங்காக நடந்தது என்பதற்கு இந்த நெருக்கமே நல்ல அறிகுறி. பிப்ரவரியில் மைய ஊர்களில் 54, ஒப்பீட்டு ஊர்களில் 41.

முன்னும் பின்னும் பார்த்தால் 26 புள்ளி முன்னேற்றம். ஒப்பீட்டு ஊர்களோ மையமே இல்லாமல் 14 புள்ளி முன்னேறியிருக்கின்றன. மையத்தால் வந்தது 12. பாதிக்கு மேல் எப்படியும் நடந்திருக்கும்.

அந்த 12 தற்செயலாக வந்திருக்கலாமா? கணினி நிரல் தேவையில்லை. 12 தொகுதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, மைய ஊரின் முன்னேற்றம் அந்தத் தொகுதியின் இரண்டு ஒப்பீட்டு ஊர்களின் சராசரி முன்னேற்றத்தைவிட அதிகமா என்று பாருங்கள். மையத்தால் எந்தப் பலனும் இல்லையென்றால், இது தோராயமாக நாணயம் சுண்டுவது போல, பாதிக்குப் பாதி இரு பக்கமும் விழும். 12 முறை சுண்டினால் 9 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு 7 விழுக்காடு. 10 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 2 விழுக்காடு. 9 தொகுதிகளில் மைய ஊர் முந்தியிருந்தால் நம்பிக்கை தரும் அறிகுறி, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. 10 அல்லது 11 என்றால் தைரியமாகச் சொல்லலாம். 7 என்றால் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நிதானியுங்கள், ஒன்றிரண்டு ஊர் அந்தச் சராசரியைத் தூக்கியிருக்கும். அந்த ஒன்றிரண்டு ஊரில் யார் தன்னார்வலர் என்று போய்ப் பாருங்கள். நல்ல பாடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

குறித்துவைத்த பிள்ளைகளில் 60 விழுக்காட்டினர்தான் மையத்துக்கு வந்தார்கள் என்றும், ஒப்பீட்டு ஊர்ப் பிள்ளைகள் யாரும் வரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 12-ஐ 0.6-ஆல் வகுத்தால், வந்த பிள்ளைக்குக் கிடைத்த பலன் 20 புள்ளி. இரண்டு எண்ணும் உங்களுக்குத் தேவை. பெற்றோரிடம் 20-ஐச் சொல்லுங்கள். நிதிக் கணக்குக்கு 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றியம் முழுவதும் விரிக்கும்போதும் 40 விழுக்காட்டினர் வராமல் இருக்கத்தான் போகிறார்கள்.

செலவையும் இதோடு சேருங்கள். ஒரு மையத்துக்கு ஆறு மாதத்தில் 12,000 ரூபாய் ஆகிறது, ஊரில் அந்த வயதில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 30-இல் 12 விழுக்காடு 3.6. மையத்தால் கூடுதலாக வாசிக்கத் தொடங்கிய ஒரு பிள்ளைக்கு 3,333 ரூபாய். 26-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் 1,540 ரூபாய்க்குள் முடிகிறது என்று சொல்லியிருப்பீர்கள்.

48 ஊருக்கும் விரிக்கும் முன்

வெள்ளோட்டத்தில் பலித்தது விரித்த பிறகு பலிக்காமல் போவதற்குக் கென்யாவில் தெளிவான ஒரு சான்று உண்டு. அங்கே ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்தால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்று முன்பு நடந்த சிறு சோதனைகள் காட்டியிருந்தன. நாடு முழுவதும் விரிக்கும் நேரத்தில் 8 மாகாணங்களில் 192 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றில் ஒரு தொண்டு நிறுவனமும் சிலவற்றில் அரசும் அதே திட்டத்தை நடத்தும்படி செய்தார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய பள்ளிகளில் பலன் எதுவுமே இல்லை. திட்டம் ஒன்றுதான், நடத்திய கைதான் வேறு. அரசு பக்கத்தில் சம்பளம் தாமதமானது, மேற்பார்வை தளர்ந்தது.

உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வெள்ளோட்டத்தின்போது சுறுசுறுப்பான ஓர் ஒருங்கிணைப்பாளர் வண்டியை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு மையம் போவார், தன்னார்வலருக்குத் தன் கையிலிருந்துகூட ஊக்கத்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுவார். 48 மையங்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். ஆகவே வெள்ளோட்டத்திலேயே, பிறகு எந்த வழியில் பணம் போகுமோ அதே வழியில் போகட்டும். பிறகு யார் மேற்பார்வை பார்ப்பாரோ அவரே இப்போதும், அதே வேலைப்பளுவோடு பார்க்கட்டும். மையம் கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தோடு வரும் எண்ணைத்தான் நம்பலாம்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் கிராமத் துணைச் செவிலியர்கள் வேலைக்கு வருவதைக் கண்காணிக்க ஒரு தொண்டு நிறுவனமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர் அதை அளந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் வருகை இரட்டிப்பானது. அப்போதே நிறுத்தி அறிக்கை எழுதியிருந்தால் மாபெரும் வெற்றி. 16 மாதம் கழித்துப் பார்த்தால், கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடே இல்லை. ‘விலக்கு நாள்’ என்று ஒன்றைத் துறையே தாராளமாக அனுமதிக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் ஆறு மாதத்தில் வருவது புதுமையின் வேகமாகவும் இருக்கலாம். திடீர்ப் பார்வையின் குறிப்புகளை மாத வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஆகஸ்டில் 22 தலை, அக்டோபரில் 17, ஜனவரியில் 9 என்று இறங்கிக்கொண்டே போனால், இறுதிச் சோதனை நல்ல எண்ணைக் காட்டினாலும் விரிக்க அவசரப்படாதீர்கள்.

அநியாயம் இல்லையா என்ற கேள்வி

நல்ல கேள்வி, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் உங்களிடம் 12 மையத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எப்படிச் செய்தாலும் 36 ஊருக்கு இந்த ஆண்டு மையம் வராது. ஆர்வமுள்ள தலைமை ஆசிரியரின் ஊருக்குக் கொடுத்தால், ஆர்வமில்லாத ஆசிரியரிடம் ஏற்கெனவே சிக்கிய பிள்ளைகள் இரண்டாம் முறையும் இழக்கிறார்கள். குலுக்கலில் அவர்களுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

மெக்சிகோவில் 1990-களின் இறுதியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் ‘ப்ரோக்ரேசா’ திட்டத்தை இப்படித்தான் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் போக முடியவில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320-க்கு முதலில் கொடுத்தார்கள். மீதி 186 ஊர்கள் பிறகு திட்டத்துக்குள் வந்தன, அதுவரை அவையே ஒப்பீட்டு ஊர்களாக இருந்தன. ஆட்சி மாறியபோது அந்தத் திட்டம் நிலைத்து நின்றதற்கு அந்த ஒப்பீட்டில் கிடைத்த சான்று பெரிதும் துணை நின்றது.

நீங்களும் அதையே செய்யலாம். பலன் தெரிந்தால் அடுத்த ஆண்டு முதலில் மையம் பெறுவது ஒப்பீட்டு ஊர்கள்தான் என்று குலுக்கல் நாளன்றே எல்லோர் முன்னிலையிலும் தீர்மானம் எழுதுங்கள். சோதனையில் எழுத்தே தெரியாத பிள்ளை யாராவது தென்பட்டால், ஒப்பீட்டு ஊரானாலும் அந்தப் பெயரை வகுப்பாசிரியரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், பார்வைக் குறையோ கேட்புக் குறையோ இருக்கலாம். அதைச் சொல்வதால் உங்கள் கணக்கு கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் அதுவும் கலங்காது.

அந்தத் தீர்மானத்திலேயே இன்னொரு பத்தியும் சேருங்கள். எத்தனை புள்ளி வேறுபாடு வந்தால் விரிப்பது, எத்தனை தொகுதிகளில் மைய ஊர் முந்தியிருக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு வரை ஏற்பது, இடைப்பட்ட முடிவு வந்தால் இன்னொரு ஆண்டு 24 ஊரில் தொடர்வதா என்று எல்லாம் ஜூலையிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். பிப்ரவரியில் எண்கள் கைக்கு வந்த பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்ற அளவுகோலைத்தான் எல்லோரும் எழுதுவோம், நான் உட்பட. தொகுதி பிரிக்க உங்களுக்கு வேண்டியது 48 பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, பேருந்துச் சாலையிலிருந்து தூரம். அவை வட்டாரக் கல்வி அலுவலகத்திலேயே கிடைக்கும். இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.